கடைசி எண்ணுக்கு மேலே உள்ளதை எடுத்தால் போதுமா?

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வந்து ரசீதை மேசைமேல் வைத்தார். "ஏன் தம்பி, சரக்கு இறக்கினதுக்கு ரசீது கையில இருக்கு. பணம் போட்ட லிஸ்ட்ல மட்டும் என் பேரு இல்லையே?" ரசீது எண் 4517. ஏற்றிய எடை 3,260 கிலோ, காலி வண்டி 1,740 கிலோ, நிகரம் 1,520 கிலோ தோத்தாபுரி. ரசீதில் ஒரு தப்பும் இல்லை. கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மாங்கூழ் ஆலைக்கு நான் டேட்டா வேலை பார்த்துக்கொண்டிருந்த சீசன் அது. எடை மேடைக் கணினியில் 4517 இருந்தது. பணப் பட்டியல் தயாராகும் கணக்குக் கணினியில் 4516 இருந்தது, 4518 இருந்தது, 4517 மட்டும் இல்லை.

யாரும் அழிக்கவில்லை. நெட்வொர்க் அறுபடவில்லை. எடை மேடைப் பதிவுகளைக் கணக்குக் கணினிக்கு எடுத்துவர ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் புரோகிராம் ஒருமுறைகூடத் தவறவில்லை, லாகில் ஒரு சிவப்பு வரியும் இல்லை. "எண் ஏறிக்கொண்டேதானே போகிறது, கடைசியாக எடுத்ததற்கு மேலே உள்ளதை எடுத்தால் போதாதா?" என்று நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எங்கே என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## முதலில் கேட்டில் நிற்போம்

ஜூன் மாதம் ஆலைக் கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். கேட்காரர் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டோக்கன் கிழித்துக் கொடுப்பார்: 213, 214, 215. டோக்கன் வாங்கிய வண்டி உள்ளே போய் எடை போடும், காய் பார்ப்பார்கள், சரக்கை இறக்கும், காலி வண்டியாக மறுபடி எடை போடும். அதன் பிறகுதான் ரசீது எழுதி, கணக்குக்காரர் முன்னால் இருக்கும் கம்பியில் குத்துவார்கள்.

213 பெரிய லாரி, இறக்க ஒன்றரை மணி நேரம். 214 சின்ன பிக்கப், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடும். ஆக 214-இன் ரசீது முதலில் கம்பியில் ஏறும், 213 பின்னால் வரும். 215-இல் வந்தது பழுத்து அழுகிய காய், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த டோக்கனுக்கு ரசீதே கிடையாது.

இப்போது கணக்குக்காரர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வப்போது கம்பியைப் பார்ப்பார், இருக்கும் ரசீதுகளை நோட்டில் ஏற்றுவார், ஓரத்தில் "214 வரை ஏற்றியாச்சு" என்று குறிப்பார். அடுத்த முறை 214-க்கு மேற்பட்ட ரசீதுகளை மட்டும் தேடுவார். 213-இன் ரசீது அதற்குள் கம்பிக்கு வந்துவிட்டது, கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் எடுக்க மாட்டார். 214-க்குக் கீழே இருப்பதெல்லாம் முடிந்துபோன கதை என்று அவர் நோட்டு சொல்கிறது.

கேட்காரர்மேல் தப்பில்லை, லாரிக்காரர்மேலும் தப்பில்லை. டோக்கன் கொடுத்த வரிசையும் ரசீது வந்து சேர்ந்த வரிசையும் ஒன்றுதான் என்று நோட்டு நம்பியதுதான் தப்பு.

## அதே கதை டேட்டாபேஸில்

கேட் டோக்கனுக்கு டேட்டாபேஸில் பெயர் ஆட்டோ இன்கிரிமென்ட். புதிய பதிவு ஒன்றைச் சேர்க்கும்போது டேட்டாபேஸ் தானாகவே அடுத்த எண்ணைக் கொடுக்கும் ஏற்பாடு அது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இந்த எண்ணைத் தரும் கவுன்டரை சீக்வென்ஸ் என்பார்கள்.

வண்டி உள்ளே போய் வெளியே வரும் அந்த முழு வேலைக்கு டிரான்ஸாக்ஷன் என்று பெயர். ஒன்றாக முடிய வேண்டிய பல வேலைகளின் கட்டு. முழுதாக முடிந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஆவது கமிட். பாதியில் கைவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்புவது ரோல்பேக். கமிட் ஆகாதவரை அந்தப் பதிவு அதை எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும், வெளியிலிருந்து படிப்பவருக்குத் தெரியாது.

கணக்குக்காரரின் வழக்கத்துக்குப் பெயர் இன்கிரிமென்டல் லோட்: மொத்த டேபிளையும் ஒவ்வொரு முறையும் படிக்காமல், போன முறைக்குப் பிறகு புதிதாக வந்ததை மட்டும் எடுத்துச் சேர்ப்பது. "214 வரை ஏற்றியாச்சு" என்று ஓரத்தில் குறித்தாரே, அதற்கு வாட்டர்மார்க் என்பார்கள்.

சுருக்கமாக: எண் கிடைப்பது பதிவைச் சேர்க்கும் நொடியில். பதிவு வெளியே தெரிவது கமிட் ஆகும் நொடியில். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அது பத்து மில்லிசெகண்டாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம்.

## 4517-க்கு என்ன ஆனது, நொடி நொடியாக

எங்கள் ஆலையில் இரண்டு எடை மேடைகள், இரண்டுக்கும் தனித்தனிக் கணினி, டேட்டாபேஸ் மட்டும் ஒன்று. லோட் புரோகிராம் ஓட்டியது இவ்வளவுதான்:

```sql
SELECT * FROM arrivals
WHERE id > 4516
ORDER BY id;
```

காலை 10:04:50. முதல் மேடையில் போச்சம்பள்ளி வண்டியின் பதிவு சேர்கிறது, எண் 4517 கிடைக்கிறது. ஆனால் கமிட் ஆகவில்லை. அந்த புரோகிராமை எழுதியவர் விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையையும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்திருந்தார். எஸ்எம்எஸ் சர்வர் பதில் சொல்லும்வரை டிரான்ஸாக்ஷன் திறந்தபடியே காத்திருக்கும். அன்று லைன் மந்தம்.

10:04:55. இரண்டாவது மேடையில் இன்னொரு வண்டி, எண் 4518. அந்த விவசாயி போன் நம்பர் கொடுக்கவில்லை, ஆகவே எஸ்எம்எஸ் இல்லை. ஒரே நொடியில் கமிட்.

10:05:00. லோட் புரோகிராம் விழிக்கிறது, 4516-க்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்கிறது. கமிட் ஆனது 4518 மட்டும். அதை எடுத்துக்கொள்கிறது, வாட்டர்மார்க்கை 4518 என்று மாற்றிக்கொள்கிறது.

10:05:20. எஸ்எம்எஸ் போய்விட்டது. 4517 கமிட் ஆகிறது, ரசீது அச்சாகி விவசாயி கைக்குப் போகிறது.

10:10:00. லோட் புரோகிராம் மறுபடி விழிக்கிறது. இந்த முறை கேட்பது `id > 4518`. 4517 இனி எந்தக் காலத்திலும் இந்தக் கேள்விக்கு அகப்படாது.

கவனியுங்கள், எஸ்எம்எஸ் மந்தமாக இருந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. இடைவெளி அரை நொடியாக இருந்தாலும் லோட் ஓடும் கணம் சரியாக அதற்குள் விழுந்தால் போதும். இடைவெளி நீளமாக இருந்தால் அப்படி விழும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்குப் பதில் மணிக்கு ஒருமுறை ஓட்டினால் குறையும், ஆனால் நிற்காது. இரவு இரண்டு மணிக்கு ஓட்டினாலும் அந்த நேரத்தில் எவராவது எழுதிக்கொண்டிருந்தால் இதே கதைதான்.

## எண்ணை ஒழுங்காகவே கொடுக்கக் கூடாதா?

இதை விளக்கிய உடனே எங்கள் கணக்கு அக்கா கேட்ட கேள்வி இது: "அப்போ கம்ப்யூட்டரே தப்பா நம்பர் போடுதா?" இல்லை. கேட்காரரையே நினைத்துப் பாருங்கள். 213 வெளியே வரும்வரை 214-க்கு டோக்கன் தர மாட்டேன் என்று அவர் நின்றால், ஒன்றரை மணி நேரம் ஒரு வண்டியும் உள்ளே போகாது. கேட்டிலிருந்து நெடுஞ்சாலைவரை வண்டி நிற்கும். டேட்டாபேஸுக்கும் அதே கஷ்டம்தான். கமிட் வரிசையும் எண் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் எழுதவே கூடாது. அதனால் எண்ணைக் கொடுத்துவிட்டு அந்தப் பதிவை மறந்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இப்படித்தான்.

கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்குவதும் கிடையாது. 215 திரும்பிப் போனபோது 216-உம் 217-உம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன, அவற்றின் டோக்கனைப் பிடுங்கி மாற்றி எழுத முடியாது. ரோல்பேக் ஆன டிரான்ஸாக்ஷனின் எண் வீணாய்ப் போகும், நிரந்தரமாக ஒரு காலி இடம் விழும்.

போஸ்ட்கிரெஸில் இன்னொரு வேடிக்கை. சீக்வென்ஸுக்கு கேஷ் என்று ஓர் அமைப்பு உண்டு. சாதாரணமாக அது 1. அதை 50 ஆக்கினால், கேட்காரர் டோக்கன் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஐம்பது கொடுத்ததுபோல் ஆகும். ஒரு கனெக்ஷன் 1 முதல் 50 வரை வைத்துக்கொள்ளும், அடுத்தது 51 முதல் 100 வரை. முதல் கனெக்ஷன் மதியம்வரை சும்மா இருந்துவிட்டு 7-ஆம் எண்ணை மாலையில் பயன்படுத்தலாம். அந்த நேரத்தில் வாட்டர்மார்க் 90-ஐத் தாண்டியிருக்கும். அங்கே டிரான்ஸாக்ஷன் எவ்வளவு வேகமாக முடிந்தாலும் பயனில்லை.

ஆக ஆட்டோ இன்கிரிமென்ட் ஒரே ஒரு வாக்குத்தான் தருகிறது: ஒரே எண்ணை இருவருக்குக் கொடுக்காது. வரிசையைப் பற்றியோ, இடைவெளி விழாது என்பதைப் பற்றியோ அது வாயே திறக்கவில்லை. நாம்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

## காலி இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே?

4516, 4518 என்று வந்தால் நடுவில் ஒன்று இல்லை என்பது தெரிகிறதே, அது வரும்வரை நின்றால் என்ன? பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. எனக்கும் தோன்றியது, எழுதியும் பார்த்தேன். மறுநாள் காலையில் லோட் புரோகிராம் ஒரே எண்ணில் இடித்துக்கொண்டு நின்றிருந்தது. அது ரோல்பேக் ஆன எண், வரவே வராது.

சிக்கலின் மையம் இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, இன்னும் உள்ளே இருக்கும் 213-உம் திரும்பிப் போன 215-உம் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுமே காலி இடம். "இன்னும் வரவில்லை" என்பதற்கும் "ஒருபோதும் வராது" என்பதற்கும் எண்ணில் ஒரு வித்தியாசமும் கிடையாது. காத்திருந்தால் சிலவற்றுக்காக என்றென்றும் காத்திருப்போம், காத்திருக்காவிட்டால் சிலவற்றைத் தொலைப்போம்.

## எண்ணுக்குப் பதில் நேரம்?

அதிலும் தப்ப முடியாது. `created_at` போன்ற நேரப் பத்தியைப் பெரும்பாலும் `now()` வைத்து நிரப்புவார்கள். போஸ்ட்கிரெஸில் `now()` தருவது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன நேரம் அல்ல. 4517-இன் `created_at` 10:04:50 என்றுதான் விழும். 10:05:00-க்கு ஓடிய லோட், 10:04:55 வரை பார்த்தாயிற்று என்று குறித்துவிட்டுப் போயிருக்கும். டோக்கனில் எண்ணுக்குப் பதில் மணியை எழுதியதுபோல்தான் இது. லாரி வெளியே வரும் நேரம் அதில் இல்லை.

## விடுபட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இந்தத் தவறு சத்தம் போடாது. எங்களுக்கே ஒரு தடயம் முன்பே கிடைத்திருந்தது. அந்த நாளின் மொத்த வரத்தில் 1,520 கிலோ வித்தியாசம் வந்தது. யாரோ எடையைத் தப்பாக அடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். லட்சக்கணக்கான கிலோவில் ஆயிரத்துச் சொச்சம் யார் கண்ணில் படும்?

மொத்தங்களை ஒப்பிட்டால் சந்தேகம்தான் வரும். எண்களை ஒப்பிட்டால் ஆளே அகப்படுவார். எடை மேடை டேபிளிலிருந்து எண்களை மட்டும், கடைசி ஒரு மணி நேரத்துப் பதிவுகளை விட்டுவிட்டு, கணக்குக் கணினிக்கு எடுத்து வந்து `src_ids` என்று வைத்துக்கொண்டேன். அப்புறம்:

```sql
SELECT s.id
FROM src_ids s
LEFT JOIN arrivals_copy c ON c.id = s.id
WHERE c.id IS NULL;
```

ஒன்றும் வராது என்று நம்பித்தான் ஓட்டினேன். ஆறு எண்கள் வந்தன. ஆறும் லோட் ஓடிய நேரத்தை ஒட்டியவை: 10:05, 11:20, 3:35 என்று ஐந்தால் வகுபடும் நிமிடங்களுக்குச் சில நொடிகள் முன்னால் `created_at`. நோயின் முத்திரை அது. நெட்வொர்க் கோளாறால் விட்டிருந்தால் தொடர்ச்சியாகப் பல எண்கள் போயிருக்கும். இங்கே ஒற்றை ஒற்றையாக, லோட் ஓடும் கணத்தைச் சுற்றியே விழுந்திருந்தன.

இன்னொன்று. கணக்கு டேபிளில் மட்டும் காலி இடங்களைத் தேடாதீர்கள், ரோல்பேக் ஆனவையும் சேர்ந்து வரும். மூலத்தில் இருந்து நகலில் இல்லாததுதான் இழப்பு.

## சரிசெய்தது எப்படி

எளிய வழி, கணக்குக்காரர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பது. "214 வரை ஏற்றியாச்சு" என்று இருந்தாலும் 180-லிருந்து மறுபடி ஒரு பார்வை. ஏற்கெனவே ஏற்றியது வந்தால் இரண்டாம் முறை எழுதாமல் அதே வரியைச் சரிபார்த்துக்கொள்வார். டேட்டாபேஸில் படித்ததை முதலில் `staging` என்ற தற்காலிக டேபிளில் போட்டு, பிறகு இப்படி:

```sql
INSERT INTO arrivals_copy (id, farmer_id, net_kg)
SELECT id, farmer_id, net_kg FROM staging
ON CONFLICT (id) DO UPDATE
SET farmer_id = EXCLUDED.farmer_id,
    net_kg = EXCLUDED.net_kg;
```

இந்த `ON CONFLICT` இல்லாமல் பின்னால் போனால் ஒரே வண்டிக்கு இரண்டு முறை பணம் போகும். விடுபட்டதைவிட அது பெரிய சண்டை. `arrivals_copy`-இன் `id` பத்தியில், ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் பிரைமரி கீ அல்லது யூனிக் இண்டெக்ஸ் இல்லாவிட்டால் இந்தக் கட்டளை ஓடவே ஓடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பின்னால் போவது? நாங்கள் 500 எண்கள் போகிறோம். எங்கள் வரத்துக்கு அது ஒரு நாளுக்கும் மேல், ஆனால் 500 பதிவுகளைப் படிப்பது டேட்டாபேஸுக்கு ஒரு வேலையே இல்லை. நொடிக்கு ஆயிரம் பதிவுகள் விழும் இடத்தில் 500 என்பது அரை நொடி, ஒன்றுக்கும் உதவாது. அங்கே எண்ணை விட்டு நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்: உங்கள் மிக நீண்ட டிரான்ஸாக்ஷனைவிட அதிக நேரம் பின்னால் போக வேண்டும். இப்போது எது எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது என்பதை போஸ்ட்கிரெஸிடமே கேட்கலாம்:

```sql
SELECT pid, now() - xact_start AS age
FROM pg_stat_activity
WHERE xact_start IS NOT NULL
ORDER BY age DESC;
```

இதைப் பகல் நேரத்தில் சில முறை ஓட்டிப் பாருங்கள். எங்களுடையதில் பெரும்பாலும் ஒரு நொடிக்குக் கீழ், எஸ்எம்எஸ் மாட்டிக்கொண்டால் நாற்பது நொடி. ஒருநாள் ஒன்று இரண்டு மணி நேரம் காட்டியது; யாரோ டெஸ்ட் விண்டோவில் `BEGIN` அடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

இந்த வழியின் எல்லையும் அதுதான். நாம் பின்னால் போகும் தூரத்தைவிட நீண்ட டிரான்ஸாக்ஷன் ஒன்று வந்தால் மறுபடி விடுபடும். அப்படிக்கூட நடக்கக் கூடாது என்பவர்களுக்கு, "இன்னும் உள்ளே இருப்பதிலேயே பழையது எது?" என்று டேட்டாபேஸையே கேட்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் தன்னை எழுதிய டிரான்ஸாக்ஷனின் எண்ணைச் சேமிக்க ஒரு பத்தி, பிறகு அதை வைத்து எல்லை போடுவது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் இப்படி எழுதலாம்:

```sql
ALTER TABLE arrivals ADD COLUMN txid xid8;
ALTER TABLE arrivals ALTER COLUMN txid
  SET DEFAULT pg_current_xact_id();

SELECT pg_snapshot_xmin(pg_current_snapshot());
```

கடைசி வரி தரும் எண்ணுக்குக் கீழே உள்ள எல்லா டிரான்ஸாக்ஷன்களும் கமிட்டாகவோ ரோல்பேக்காகவோ முடிந்துவிட்டன. ஆகவே முதலில் இந்த எல்லையை வாங்கி, போன முறை எல்லை முதல் இந்த எல்லைக்கு முன்பு வரை உள்ள `txid` பதிவுகளை எடுத்து, புதிய எல்லையை வாட்டர்மார்க்காக வைக்க வேண்டும். 4517-உம் 4518-உம் இங்கே என்ன ஆகும்? 4517 இன்னும் திறந்திருப்பதால் எல்லை அதிலேயே நிற்கும், 4518-ஐயும் இந்தச் சுற்றில் எடுக்காது. அடுத்த சுற்றில் இரண்டும் வரும். ரோல்பேக் ஆன எண்ணுக்காகக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை, முடிந்தது முடிந்ததுதான். விலை என்னவென்றால், `BEGIN` அடித்து ஒரு பதிவையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வரும்வரை புதிதாக எதுவுமே வராது. இன்னொன்று: டேபிளை டம்ப் எடுத்து வேறு சர்வரில் ஏற்றினால், சேமித்த எண்கள் பழைய சர்வருடையவை, புதிய சர்வரின் எண்ணிக்கையோடு ஒட்டாது.

டேட்டாபேஸின் மாற்றப் பதிவேட்டை நேரடியாகப் படித்து கமிட் வரிசையிலேயே எடுக்கும் கருவிகளும் உண்டு. ஓர் எடை மேடைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதை என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் செய்தது மூன்று. எஸ்எம்எஸ்ஸை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே, கமிட்டுக்குப் பின்னால் தள்ளினோம். 500 எண் பின்னால் போய்ப் படிக்கிறோம். ஒப்பிடும் கேள்வியை இரவு பதினொரு மணிக்கு ஓட வைத்து, எண் ஏதாவது வந்தால் அக்காவுக்கு மெயில் போகும்படி வைத்தோம். 4517-உடன் சேர்த்து ஆறு பேருக்கும் அந்த வாரமே பணம் போனது. அதன் பிறகு அந்த சீசனில் மெயில் ஒரே ஒரு முறை வந்தது. விட்டுப்போன ஒரு பழைய ரசீதைக் கையால் சேர்க்கிறேன் என்று யாரோ, ரோல்பேக் ஆகிக் காலியாகக் கிடந்த ஒரு பழைய எண்ணில் சேர்த்திருந்தார். 500-க்கும் வெளியே இருந்த எண் அது.